ஆதாரில் கடைக்காரரின் கைபேசி எண்: கோபி வட்டாரத்தினர் கவனத்திற்கு

கோபிசெட்டிபாளையம் அருகே உள்ள ஓர் ஆன்லைன் கடையில் என் அப்புச்சிக்கு நேர்ந்ததை, வீட்டில் பெரியவர்கள் இருக்கும் எல்லோரும் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

ஆதாரில் கைபேசி எண்ணை இணைத்து, ஆவணங்களை டிஜிலாக்கரில் ஏற்றித் தருவதாகச் சொல்லி, அந்தக் கடைக்காரர் 500 ரூபாய் வாங்கிக்கொண்டார். ஆதார் மையத்துக்கு அவரே உடன் சென்று, படிவத்தில் தம் கடையின் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டையும் தாமே வைத்துக்கொண்டார். பின்னர் நாங்கள் கேட்டபோது, "ஓடிபி வந்தா பெரியவருக்குப் பாக்கத் தெரியாதுங்க, நம்ம நம்பரே இருக்கட்டுமுங்க" என்றார். ஒரே எண்ணை எத்தனை பேரின் ஆதாரிலும் இணைக்க முடியும் என்பதால், கணினி இதைத் தடுப்பதில்லை. ஆனால் அன்று முதல் அப்புச்சியின் பெயரில் வரும் ஒவ்வொரு ஓடிபியும் முன்பின் தெரியாத ஒருவரின் கைக்கே போய்க்கொண்டிருந்தது.

சத்தி சாலையில் வாகனச் சோதனை நடந்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. டிஜிலாக்கரில் அவருடைய ஓட்டுநர் உரிமம் இருந்தது; ஆனால் அது கடைக்காரர் ஸ்கேன் செய்து ஏற்றிய வெறும் படம் என்பதால் காவலர் ஏற்கவில்லை. போக்குவரத்துத் துறையின் பதிவிலிருந்து நேரடியாகப் பெறப்பட்டு Issued பகுதியில் நிற்கும் உரிமத்துக்கே அசலுக்கு இணையான மதிப்பு உண்டு. நாமே ஏற்றி வைப்பது நகல் மட்டுமே.

உரிமத்தை முறைப்படி எடுக்க நான் முயன்றபோது, அப்புச்சியின் கைபேசிக்கு ஓடிபி வரவே இல்லை. myaadhaar.uidai.gov.in தளத்தில் Check Aadhaar Validity பகுதியில் ஆதார் எண்ணை இட்டுப் பார்த்தேன். இணைந்துள்ள கைபேசி எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை அது காட்டும். அவை எங்கள் வீட்டில் யாருடைய எண்ணுக்கும் பொருந்தவில்லை. கடையின் பெயர்ப்பலகையில் இருந்த எண்ணோடு பொருந்தின.

பழைய எண்ணுக்கு வரும் ஓடிபி இல்லாமலே இதைத் திருத்தலாம் என்பதுதான் ஆறுதல். ஆதார் சேவை உள்ள அஞ்சலகத்தில் கைரேகை வைத்து, 75 ரூபாய் கட்டி, அப்புச்சியின் சொந்த எண்ணை இணைத்தோம்; இதற்கு வேறு ஆவணம் எதுவும் கேட்கவில்லை. பதிவை அனுப்புமுன் திரையில் உள்ள எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசித்துப் பார்ப்பதும், ஒப்புகைச் சீட்டை நம் கையில் வாங்கிக்கொள்வதும் மிக முக்கியம்.

எண் மாறியதோடு வேலை முடிந்துவிடவில்லை. டிஜிலாக்கரின் ஆறு இலக்கப் பாதுகாப்பு எண்ணைக் கடைக்காரரே வைத்திருந்ததால், அதையும் உடனே மாற்றினோம். அதன்பின் ஆதார் தளத்தில் அப்புச்சியின் கணக்கில் நுழைந்து, கடந்த ஆறு மாதங்களில் அவர் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலை எடுத்து, அவரிடமே வரிசையாகக் கேட்டுச் சரிபார்த்தோம். அத்தகைய பட்டியலில் உங்களுக்குத் தெரியாத பதிவு இருந்தால் 1947 என்ற எண்ணிலும், பணம் போயிருந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணிலும் புகார் செய்யுங்கள்.