சத்தம் யார் கையில்? டிவி ஆடியோ அவுட்: ஃபிக்ஸட், வேரியபிள் ஓர் அலசல்

டிவியோடு வந்த ஸ்பீக்கர் போதாது என்று ஒரு ஆம்ப்ளிஃபையரை வைத்த நாளிலிருந்து வீட்டில் வால்யூம் இரண்டாகிவிடுகிறது. டிவி ரிமோட்டில் ஒன்று, ஆம்ப்பின் முகப்பில் ஒன்று. இரண்டில் எது ஆள வேண்டும் என்பதை டிவியின் சவுண்ட் மெனுவில் இருக்கும் ஒரு வரிதான் முடிவு செய்கிறது. பல மாடல்களில் அது Fixed, Variable என்று இருக்கும். கடையில் மாட்டிக் கொடுக்கிறவர் பெரும்பாலும் அந்தப் பக்கமே போவதில்லை.

ஃபிக்ஸட் வைத்தால் டிவி எப்போதும் ஒரே அளவு சிக்னலை வெளியே தள்ளும். ரிமோட்டை எவ்வளவு அமுக்கினாலும் ஆம்ப்பில் வரும் சத்தம் மாறாது, எல்லாம் ஆம்ப்பின் குமிழ் சொல்கிறபடிதான். வேரியபிள் வைத்தால் டிவியின் வால்யூமுக்கு ஏற்றபடி சிக்னல் ஏறி இறங்கும், ஆம்ப் குமிழை ஓரிடத்தில் விட்டுவிடலாம். உங்கள் டிவி இப்போது எதில் இருக்கிறது என்று தெரியவில்லையா? ஆம்ப் பாடும்போது டிவி ரிமோட்டில் சத்தத்தைக் குறையுங்கள். ஆம்ப்பிலும் குறைந்தால் வேரியபிள்.

கேட்கும் தரத்தை மட்டும் பார்த்தால் ஃபிக்ஸட்தான் மேல். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிவி முழு அளவில் 2 வோல்ட் தருகிறது, டிவியும் வயரும் சேர்ந்து 1 மில்லிவோல்ட் இரைச்சலைக் கலக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பாட்டு இரைச்சலைவிட 2000 மடங்கு பெரிதாக இருப்பதால் இரைச்சல் காதில் விழாது. இப்போது வேரியபிளில் வைத்து, டிவி வால்யூமை 20 டெசிபல் இறக்குகிறோம். பாட்டு 0.2 வோல்ட்டுக்கு வந்துவிடும். இரைச்சல் அதே 1 மில்லிவோல்ட். இனி பாட்டு 200 மடங்குதான். குறைந்த சத்தத்தை ஈடுகட்ட ஆம்ப் குமிழைத் திருகினால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் பத்து மடங்கு ஏறும். வசனம் நிற்கும் இடத்தில் ‘உம்’ என்று ஒரு முனகல் கேட்பதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். ஆம்ப்பில் கோளாறு என்று தூக்கிக்கொண்டு டவுன்ஹால் ரோட்டுக்கு அலைய வேண்டியதில்லை.

சந்தேகம் தீர ஒரு சோதனை. படத்தை நிறுத்திவிட்டு ஆம்ப் குமிழை மெல்ல ஏற்றி இறக்குங்கள். இரைச்சலும் கூடவே ஏறி இறங்கினால் அது குமிழுக்கு முன்னால், அதாவது டிவியிலிருந்தோ வயரிலிருந்தோ வருகிறது. குமிழை அடியோடு குறைத்தும் அதே அளவு கேட்டால் ஆம்ப்புக்குள்ளேயே இருக்கிறது. அப்போதுதான் மெக்கானிக்.

இவ்வளவு சொன்ன பிறகும், திருமங்கலத்தில் என் மாமனார் வீட்டில் நான் வேரியபிளைத்தான் வைத்தேன். அங்கே இருப்பது பழைய அசெம்பிள் செட். நல்ல டிரான்ஸ்ஃபார்மர், கனமான பெட்டி, ரிமோட் கிடையாது. சீரியல் மெதுவாகவும் விளம்பரம் அலறிக்கொண்டும் வருவதால் மணிக்குப் பத்து தரம் சத்தத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. “மாப்ள, விளம்பரம் போடும்போதெல்லாம் எந்திரிச்சுப் போயா திருகுறது? முட்டி தாங்காதுங்க” என்றார் மாமா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வேரியபிள் வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் ஆம்ப் குமிழை அடியில் வைத்துவிட்டு, டிவி வால்யூமை 100க்கு 80, 85 வரை ஏற்றினேன். அப்புறம் சண்டைக் காட்சி ஒன்றை ஓடவிட்டு, ஆம்ப் குமிழை மெல்ல ஏற்றினேன். ‘இதற்கு மேல் இந்த வீட்டில் தேவையில்லை’ என்ற இடம் வந்ததும் அங்கே நிறுத்தி, குமிழின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். இனி அன்றாடம் டிவி 45க்கும் 70க்கும் இடையில் ஓடும். மாமா முன்பு வைத்திருந்தது நேர் எதிர்: ஆம்ப் முழுசாக, டிவி 9, 10. அந்த ஏற்பாட்டில் இரைச்சல் கேட்பதோடு, ஒரு எண் கூட்டினாலே சத்தம் குபீரென்று ஏறும். சரி, 100 வரையே ஏற்றிவிடலாமே என்றால், சில டிவிகளில் உச்சியில் குரல் கரகரக்கிறது. கொஞ்சம் கீழேயே நிற்பது நல்லது.

ஃபிக்ஸட்டுக்கும் ஒரு குறை உண்டு, அசெம்பிள் செட் வைத்திருப்பவர்களுக்குத்தான் அது அதிகம் தெரியும். அந்த போர்டுகள் பல அரை வோல்ட் உள்ளே வந்தாலே முழுசாகப் பாடிவிடும். டிவியோ 2 வோல்ட் தள்ளினால் குமிழைக் கால்வாசி திருப்புவதற்குள் ஜன்னல் அதிரும். ராத்திரி மெதுவாகக் கேட்க நினைத்தால் குமிழை அடியிலேயே ஒரு நூலளவில் நகர்த்த வேண்டும். விலை குறைந்த ஸ்டீரியோ குமிழ்களில் அந்த அடிப்பகுதியில் இடமும் வலமும் ஒரே அளவாக இருக்காது, குரல் ஒரு பக்கமாக இழுக்கும். இதற்கு மலிவான வைத்தியம் இரண்டு ரெசிஸ்டர். ஒவ்வொரு சேனலிலும் சிக்னல் வரும் வழியில் 22 கிலோ ஓம், அதைத் தாண்டி கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். சிக்னல் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக இறங்கிவிடும், குமிழ் தன் நடுப்பகுதியில் வேலை செய்யும். அசெம்பிள் செய்து கொடுத்தவரிடம் சொன்னால் டீ குடித்து முடிப்பதற்குள் சால்டர் வைத்துத் தந்துவிடுவார்.

இரண்டுக்கும் இடையே மாற்றும்போதுதான் ஆபத்து. வேரியபிளில் ஆம்ப் முழுசாக, டிவி 10இல் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் யாராவது மெனுவில் Fixed என்று மாற்றினால், அந்த நொடியே முழு சிக்னலும் முழுசாகத் திறந்த ஆம்ப்புக்குள் பாயும். ட்வீட்டர் காயில் கருகுவதற்கு அது போதும். மெனுவைத் தொடும் முன் ஆம்ப் குமிழைப் பூஜ்ஜியத்துக்கு இறக்குங்கள். டிவியை ரீசெட் செய்தால் இந்த அமைப்பு பழைய நிலைக்குப் போய்விடலாம் என்பதால் அப்போதும் இதே எச்சரிக்கை.

ஆப்டிகல் வயரில் பெரும்பாலும் ஃபிக்ஸட்தான். டால்பி ஒலி பிரிக்கப்படாமல் சுருக்கிய வடிவிலேயே, அதாவது பிட்ஸ்ட்ரீமாகப் போகும்போது அதன் அளவை டிவி குறைக்கவும் முடியாது. ஆப்டிகலை ஆர்சிஏவாக மாற்றும் சின்னப் பெட்டி வாங்கியவர்கள் டிவியின் டிஜிட்டல் ஆடியோ அவுட்டை, சுருக்காத சாதாரண ஒலியான PCM என்று வைக்க வேண்டும். மலிவான பெட்டிகளுக்கு டால்பி புரியாது, சத்தமே வராது, அல்லது வெறும் சரசரப்பு வரும்.

எச்டிஎம்ஐ ஏஆர்சி உள்ள ஆம்ப் என்றால் இந்தச் சண்டையே இல்லை. டிவி முழு சிக்னலை அனுப்பும், டிவி ரிமோட்டை அமுக்கினால் அந்தக் கட்டளை அதே வயரில் போய் ஆம்ப்பின் வால்யூமை மாற்றும். அந்தக் கட்டளையைக் கடத்தும் சிஇசி வசதி டிவி, ஆம்ப் இரண்டிலும் ஆன் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். புதிதாக வாங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு இதுவே. அதற்குப் பணம் இல்லையென்றால் ரிமோட் உள்ள ஆம்ப்பும் ஃபிக்ஸட்டும். ஆனால் கடையிலேயே AUX-இல் டிவியையோ போனையோ மாட்டி, ஆம்ப் ரிமோட் அந்தச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறதா என்று அமுக்கிப் பாருங்கள். குமிழ் மட்டும் உள்ள செட்டுக்கு வேரியபிள், டிவி வால்யூமை உயரத்தில் வைத்து.

கேபிள் பெட்டி வைத்திருப்பவர்கள் அதன் ரிமோட்டிலும் ஒரு வால்யூம் இருப்பதை மறந்துவிடுகிறார்கள். ஃபிக்ஸட் என்பது டிவியின் வால்யூமை மட்டும்தான் பூட்டுகிறது, பெட்டியில் குறைத்தால் டிவிக்குள் வரும்போதே சிக்னல் மெலிந்திருக்கும். எச்டிஎம்ஐ வயர் என்றால் பெட்டியை முழுசாக ஏற்றிவிட்டு, அந்த ரிமோட்டைச் சேனல் மாற்ற மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.