மெம்கேஷ்டில் இரண்டு ஆண்டு, ரெடிஸில் மூன்று ஆண்டு: பழைய பக்கம் சாகாத கதை

ஒரே சர்வரில் ஓடும் சிறிய கட்டுரைத் தளம் ஒன்றைப் பராமரிக்கிறேன். ஒரு பட்டியல் பக்கத்தைத் தரவுத்தளத்திலிருந்து உருவாக்க 180 மில்லிநொடி ஆகும். கேஷிலிருந்து எடுத்தால், மெம்கேஷ்டு ஆனாலும் ரெடிஸ் ஆனாலும், ஒரு மில்லிநொடிகூட ஆவதில்லை. எனவே வேகத்தை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வீண்வேலை. எனக்குத் தலைவலி தந்ததெல்லாம் வேறு: ஒரு கட்டுரையைத் திருத்தினால், அது இடம்பெற்றிருக்கும் எல்லாப் பட்டியல் பக்கங்களையும் எப்படி அழிப்பது?

மெம்கேஷ்டில் ‘இந்தப் பிரிவின் பக்கங்களையெல்லாம் அழி’ என்று சொல்ல வழியில்லை. ஒவ்வொரு சாவியையும் பெயர் சொல்லித்தான் அழிக்க வேண்டும். அதனால் பழைய உத்தி ஒன்றைக் கையாண்டேன். பிரிவுக்கு ஒரு பதிப்பு எண் வைத்து, அதைப் பக்கத்தின் சாவியிலேயே சேர்த்துவிடுவது. எண்ணை 1-லிருந்து 2 ஆக்கினால் பழைய பக்கங்களை யாரும் கேட்க மாட்டார்கள். அவை காலாவதியாகியோ இடநெருக்கடியிலோ தாமாகவே போய்விடும்.

சில மாதங்கள் நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒரு நாள், காலையில் திருத்திய தலைப்பு மாலையில் பழைய பிழையோடு திரும்பி வந்து நின்றது. பிழை என்னுடையது. பொதுவாக எழுதி வைத்திருந்த சேமிப்புச் செயற்கூறு எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேர ஆயுளைக் கொடுத்துவந்தது. பக்கங்களுக்கு மட்டும் ஒரு நாள் என்று தனியாகக் குறிப்பிட்டிருந்தேன். பதிப்பு எண் காலாவதியானதும் நிரல் மீண்டும் 1-லிருந்து தொடங்கியது. 1 என்ற எண்ணோடு சேமித்த பழைய பக்கம் இன்னும் உயிரோடு இருந்தது. அன்றிலிருந்து பதிப்பு எண்ணாக அந்த நொடியின் நேரத்தையே வைக்கிறேன். அது தொலைந்தாலும் புதிய எண்தான் பிறக்கும், பழையது திரும்பாது.

வேலை வரிசைக்காக ரெடிஸ் தேவைப்பட்டபோது, கேஷையும் அதற்கே மாற்றினேன். கவனிக்க வேண்டிய சேவை ஒன்று குறையும் என்பதுதான் காரணம். 200 எம்பி வரம்பு வைத்தேன். வரம்பு எட்டினால் என்ன செய்வது என்று சொல்ல மறந்தேன். மெம்கேஷ்டு இடம் தீர்ந்தால் நீண்ட நாள் தொடாததைத் தூக்கி எறியும். நானும் அதையே எதிர்பார்த்தேன். ரெடிஸின் இயல்பான கொள்கை `noeviction`. இடம் தீர்ந்தால் அது எழுத மறுக்கும்:

```
OOM command not allowed when used memory > 'maxmemory'.
```

இருக்கிற பக்கங்கள் ஒழுங்காக வரும், புதிய பக்கங்கள் மட்டும் பிழை காட்டும். பாதித் தளம் நலமாக இருந்ததால், கோளாறு கேஷில் இருக்கும் என்று உடனே தோன்றவில்லை. கேஷில் எழுத முடியாவிட்டாலும் பக்கத்தை வாசகருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற பாடம் அன்று நிரலில் ஏறியது.

ரெடிஸின் உண்மையான வசதி கணங்கள், அதாவது பல பெயர்களை ஒன்றாகத் தொகுத்து வைக்கும் set-கள். எந்தப் பிரிவில் எந்தப் பக்கங்கள் என்று ஒரு கணத்தில் குறித்துக்கொண்டால், பிறகு அவற்றை மட்டும் அழிக்கலாம்:

```
SADD cat:7 page:cat7:3
SET page:cat7:3 "..." EX 86400
```

வரிசை முக்கியம். குறிப்பு முதலில், பக்கம் பிறகு. மாற்றிச் செய்து நடுவில் நிரல் அறுந்தால், யாருக்கும் தெரியாத பக்கம் ஒன்று ஒரு நாள் முழுக்க வாழும்.

`noeviction`-ஐ விட்டு `allkeys-lru`-வுக்கு மாறினேன். பழைய பக்கங்கள் மறுபடி தலைகாட்டின. இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. பக்கங்களை வாசகர்கள் ஓயாமல் கேட்கிறார்கள். கணத்தையோ பக்கம் எழுதும்போது மட்டுமே தொடுகிறோம். ஆக, நீண்ட நாள் தொடப்படாதது என்ற கணக்கில் முதலில் வெளியேறியது கணம். பக்கங்கள் ஆதரவற்று நின்றன. `INFO stats` காட்டும் `evicted_keys` ஏறிக்கொண்டிருந்தது. `EXISTS cat:7` என்று கேட்டால் 0, அதே பிரிவின் பக்கத்தைக் கேட்டால் 1. அதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

இப்போது இருப்பது இது:

```
maxmemory 200mb
maxmemory-policy volatile-lru
```

ஆயுள் குறித்த சாவிகளை மட்டுமே இது வெளியேற்றும். பக்கங்களுக்கு ஆயுள் உண்டு, கணங்களுக்கும் வேலை வரிசைக்கும் இல்லை. விலையும் இருக்கிறது: ஆயுள் இல்லாதவை பெருகி இடத்தை நிரப்பினால் மீண்டும் அதே எழுத மறுக்கும் நிலைதான். ஆகவே பிரிவின் பக்கங்களை அழிக்கும்போதே கணத்தையும் அழித்துவிடுகிறேன்.

பக்கங்களை மட்டும் சேமிக்கும் தளத்தை நாளை புதிதாகத் தொடங்கினால், நேரத்தைப் பதிப்பு எண்ணாக வைத்து மெம்கேஷ்டையே எடுப்பேன். இந்தத் தளத்தில் வேலை வரிசை இருக்கும்வரை ரெடிஸை அகற்றும் எண்ணம் இல்லை.