டிஃப்ராக் வேண்டாம், டிரிம் போதும்: 860 ஈவோ எஸ்எஸ்டியுடன் ஆறு வருஷத்துக்கு மேல்

2018 கடைசியில் வாங்கிய 500 ஜிபி சாம்சங் 860 ஈவோ இன்னும் என் டெஸ்க்டாப்பில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் பாதி, லினக்ஸ் பாதி, நாள் முழுக்க வேலை. வேகத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சாட்டா டிரைவ் என்றால் நொடிக்கு 550 எம்பி பக்கம் வரும், வாங்கியபோதும் அதுதான், இப்போதும் அதுதான். நான் எழுத வந்தது பராமரிப்பைப் பற்றி. ஏனென்றால் எஸ்எஸ்டிக்குத் தேவையில்லாத வைத்தியம் நிறையப் பேர் சொல்கிறார்கள், உண்மையிலேயே கவனிக்க வேண்டிய இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முதலில் டிஃப்ராக், அதாவது டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை வரிசையாக அடுக்குவது. டிரைவை மாட்டிக் கொடுத்த கடைப் பையன், “மாசம் ஒரு தடவை டிஃப்ராக் போட்டுடுங்க சார், புதுசு மாதிரியே ஓடும்” என்று சொல்லித்தான் அனுப்பினார். ஹார்ட் டிஸ்க்குக்கு அது சரியான அறிவுரை. அதில் தட்டு சுற்றுகிறது, படிக்கும் முனை ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்ந்து, வேண்டிய இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு தாவலுக்கு 10 மில்லி நொடிக்கு மேல் போய்விடும். ஒரு ஃபைல் 500 துண்டாகச் சிதறியிருந்தால் தாவலுக்கே 5 நொடி. எஸ்எஸ்டியில் நகர எதுவுமே இல்லை, எந்தத் துண்டைக் கேட்டாலும் ஏறக்குறைய 0.1 மில்லி நொடிதான். அதே 500 துண்டுக்கு மொத்தம் 0.05 நொடி. அதை மிச்சப்படுத்தி என்ன ஆகப்போகிறது?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. டிஃப்ராக் புரோகிராமுக்கு ஃபைல் உண்மையில் சிப்பில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. விண்டோஸ் பார்க்கும் முகவரிகள் வேறு, சிப்பில் உள்ள இடங்கள் வேறு, இரண்டுக்கும் நடுவில் டிரைவின் கன்ட்ரோலர் ஒரு அட்டவணை வைத்துக்கொண்டு தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் 1, 2, 3 என்று வரிசையாக அடுக்கினாலும் அது பல இடங்களில் பரப்பித்தான் வைக்கும், அப்படிப் பரப்பி வைப்பதுதான் அதன் வேகமே. ஆக 200 ஜிபியை டிஃப்ராக் செய்தால் கையில் மிஞ்சுவது, சும்மா எழுதப்பட்ட பல பத்து ஜிபியும் அந்த அளவு தேய்மானமும்தான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் Optimize Drives ஜன்னலைத் திறந்தால் எஸ்எஸ்டிக்கும் Optimize பட்டன் இருக்கும், அதைப் பார்த்துப் பயந்துபோய் அது தானாக ஓடும் நேர அட்டவணையையே நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. நிறுத்தாதீர்கள். Media type என்ற இடத்தில் Solid state drive என்று காட்டினால் அந்தப் பட்டன் செய்வது டிரிம்தான். சிஸ்டம் ரீஸ்டோர் இயங்கும் டிரைவில் எப்போதாவது விண்டோஸ் தானாகவே கொஞ்சம் டிஃப்ராக்கும் செய்யும், அது ஃபைல் சிஸ்டத்தின் கணக்கு வழக்குக்காக. அதை அதன் போக்கில் விட்டுவிடலாம்.

சரி, டிரிம். ஃபிளாஷ் மெமரியில் எழுதுவது பேஜ் கணக்கில், அதாவது சில கேபி கணக்கில். அழிப்பது பிளாக் கணக்கில், அதாவது நூற்றுக்கணக்கான பேஜ் சேர்ந்த ஒரு பெரிய துண்டாகத்தான் முடியும். எழுதிய பேஜ் மேலேயே திரும்ப எழுத முடியாது. நீங்கள் ஒரு படத்தை டெலிட் செய்தால் ஃபைல் சிஸ்டம் தன் பட்டியலில் மட்டும் அடித்துவிடும், டிரைவுக்கு அது தெரியாது. வாடகைக்கு இருந்தவர் வீட்டு ஓனரிடம் சொல்லாமல் காலி செய்துவிட்டுப் போன கதைதான், ஓனர் ஆள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். கன்ட்ரோலர் ஒரு பிளாக்கை அழித்துக் காலி இடம் உண்டாக்கும்போது, அதில் உயிரோடிருக்கும் பேஜ்களை வேறு இடத்துக்கு நகலெடுக்க வேண்டும். எது செத்தது என்று தெரியாததால் நீங்கள் போன வருஷம் டெலிட் செய்த சினிமாவையும் சேர்த்து நகலெடுக்கும். எழுதும் வேகமும் குறையும், தேய்மானமும் கூடும். “இந்த முகவரிகள் இனி வேண்டாம்” என்று டிரைவுக்குச் சொல்லும் கட்டளைதான் டிரிம். விண்டோஸ் 7 காலத்திலிருந்தே இருக்கிறது.

விண்டோஸில் அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் இதைப் போட்டு 0 வந்தால் டிரிம் இயங்குகிறது என்று அர்த்தம்:

```
fsutil behavior query DisableDeleteNotify
```

லினக்ஸில் இப்படி:

```
lsblk --discard
sudo fstrim -av
```

முதல் கட்டளையில் DISC-GRAN, DISC-MAX இரண்டும் 0B என்று வந்தால் டிரிம் அந்த டிரைவுக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டாவது, எத்தனை ஜிபி டிரிம் ஆனது என்று காட்டும். கணினியை இயக்கியதும் முதல் தடவை போட்டால் காலி இடம் முழுவதையும் கணக்கில் காட்டும், உடனே இன்னொரு தடவை போட்டால் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனில் 0 அல்லது மிகச் சின்ன எண் வரும். கோளாறு எதுவும் இல்லை, ஏற்கெனவே சொன்னதை அது ஞாபகம் வைத்திருக்கிறது. நிறைய லினக்ஸ்களில் fstrim.timer வாரம் ஒருமுறை இதைத் தானே செய்துவிடும்.

டிரிம் தடைப்படுவது பெரும்பாலும் யுஎஸ்பி கேஸில்தான். பழைய எஸ்எஸ்டியை மலிவான கேஸில் போட்டு வெளி டிரைவாக வைத்துக்கொள்கிறோம் இல்லையா, அந்த கேஸில் இருக்கும் சிப் டிரிமைக் கடத்தாவிட்டால் டிரைவுக்கு எதுவுமே தெரியாது. மேலே சொன்ன lsblk அதை உடனே காட்டிக்கொடுக்கும். fsutil காட்டாது, ஏனென்றால் விண்டோஸ் அனுப்பத் தயாராக இருக்கிறதா என்பதைத்தான் அது சொல்கிறது. அப்புறம், டிரிம் ஆன இடத்திலிருந்து டெலிட் செய்த ஃபைலை மீட்க முடியாது. ஹார்ட் டிஸ்க் காலத்து ரெக்கவரி மென்பொருளை நம்பி எஸ்எஸ்டியில் எதையும் டெலிட் செய்ய வேண்டாம்.

அடுத்தது தேய்மானம். டிரைவ் தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணக்கை smartctl -A /dev/sda போட்டுப் பார்த்தால், இதுவரை எழுதியதைச் சொல்லும் Total_LBAs_Written என் டிரைவில் ஏறக்குறைய 6,100 கோடி. ஒன்றுக்கு 512 பைட், பெருக்கினால் சுமார் 31 டிபி. 860 ஈவோ 500 ஜிபிக்கு வாரண்டியில் போட்டிருக்கும் எழுத்து வரம்பு 300 டிபி. இத்தனை வருஷத்தில் பத்தில் ஒரு பங்கு. Wear_Leveling_Count-இன் கடைசி எண் 84, அதாவது சராசரியாக ஒவ்வொரு பிளாக்கும் 84 தடவை அழிக்கப்பட்டிருக்கிறது. 512 ஜிபி சிப்பை 84 தடவை என்றால் 43 டிபி. நான் எழுதியது 31, உள்ளே எழுதப்பட்டது 43, விகிதம் 1.4. டிரிம் ஒழுங்காகப் போவதும், எப்போதும் 80 ஜிபி போல காலியாக விட்டு வைப்பதும்தான் இந்த எண் இவ்வளவு குறைவாக இருக்கக் காரணம் என்பது என் கணிப்பு. பிரவுசர் கேஷை ரேமுக்கு மாற்று, ஹைபர்னேட்டை நிறுத்து என்ற அறிவுரைகளையெல்லாம் நான் பின்பற்றவே இல்லை.

அப்படியானால் தேய்மானம் வெறும் பூச்சாண்டியா என்றால், இல்லை. அது காட்டும் இடம் வேறு. ஒவ்வொரு செல்லிலும் எலக்ட்ரான்களைச் சிறைவைக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு எழுத்து-அழிப்பிலும் அது கொஞ்சம் பழுதாகிறது. பழுதானதும் உடனே எழுத முடியாமல் போவதில்லை, எழுதியது கசிய ஆரம்பிக்கிறது. புது டிரைவில் வருஷக்கணக்கில் நிற்கும் மின்னூட்டம், தேய்ந்த டிரைவில் சீக்கிரம் இறங்கும். கன்ட்ரோலர் பிழைதிருத்தக் கணக்கைப் போட்டுச் சரிசெய்து கொடுக்கும், முடியாவிட்டால் மின்னழுத்த அளவை மாற்றி மாற்றித் திரும்பப் படித்துப் பார்க்கும். அதனால்தான் முதல் அறிகுறி ஃபைல் கெடுவது இல்லை, பழைய ஃபைல்கள் மட்டும் மெதுவாகப் படிக்கப்படுவது. தேயாத டிரைவிலும் இது வரலாம். 2014-இல் சாம்சங் 840 ஈவோவில் இதுதான் நடந்தது, மாதக்கணக்கில் தொடாமல் கிடந்த ஃபைல்கள் மட்டும் ஆமை வேகத்தில் வந்தன. கடைசியில் 2015-இல் வந்த ஃபர்ம்வேர், பழைய டேட்டாவை அவ்வப்போது திரும்ப எழுதிப் புதுப்பிக்கும்படி மாற்றியது.

போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் இதை நேரில் பார்த்தேன். எடிட்டிங் மெஷினில் வருஷக்கணக்காக அடிவாங்கிய ஒரு 240 ஜிபி டிரைவை, கம்பெனி பெயர் வேண்டாம், ஓய்வு கொடுத்து அதில் பழைய கல்யாண ஆல்பங்களைப் போட்டு, ஷீட் கூரைக்குக் கீழே இருந்த பரணில் வைத்துவிட்டார். ஒரு கோடைக்கு மேல் தாண்டி ஒரு குடும்பம் பழைய படம் கேட்டு வந்தபோது எடுத்து மாட்டினால், காப்பி நொடிக்கு 15 எம்பிக்கு இறங்கியது, நடுநடுவே அப்படியே நின்றது, சில ஃபைல்களில் I/O device error. “என்னங்க இது, மாட்டி வைக்கவே இல்லையே, எப்படிக் கெட்டுச்சு?” என்றார். மாட்டி வைக்காததுதான் காரணம். மின்சாரம் இருந்தால்தானே கன்ட்ரோலர் எதையும் புதுப்பிக்க முடியும்? சிப்புகளுக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் கணக்குப்படி வீட்டு உபயோக எஸ்எஸ்டி, தன் எழுத்து வரம்பு முழுவதையும் தீர்த்த பிறகு, 30 டிகிரியில் மின்சாரம் இல்லாமல் ஒரு வருஷம் டேட்டாவைத் தாங்கினால் போதும். பரணில் 40 டிகிரியைத் தாண்டும், வெப்பம் ஏற ஏறக் கசிவும் வேகமாகும். பழுதான டிரைவிலிருந்து படிக்க முடிந்ததை நகலெடுக்கும் ddrescue-ஐப் போட்டு இரவு முழுக்க விட்டதில் பெரும்பாலான படங்கள் வந்துவிட்டன, சில பாதிக்குக் கீழே சாம்பல் பட்டையாக நின்றன.

இப்படி மூலையில் கிடந்த டிரைவ் ஒன்று கையில் வந்தால் முதலில் எதையும் எழுதாமல் முழுவதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள், sdb என்பதை உங்கள் டிரைவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

```
sudo dd if=/dev/sdb of=/dev/null bs=4M status=progress
```

வேகம் ஒரே சீராக வந்தால் பிரச்சினை இல்லை. சில இடங்களில் மட்டும் பாதாளத்துக்கு இறங்கி ஏறினால் அங்கே இருக்கும் டேட்டா திணறுகிறது, எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, ஃபார்மட் செய்து திரும்ப எழுதலாம். நல்ல டிரைவாக இருந்தால் அதற்குப் பிறகு வேகம் பழையபடி வரும், தேய்ந்ததாக இருந்தால் சில மாதத்தில் மறுபடி அதே கதைதான். என் 860 ஈவோ 10 சதவீதம் தேய்ந்தது, ஆனாலும் பழைய படங்களை அதில் போட்டு எடுத்து வைக்கப்போவதில்லை. படங்கள் இரண்டு சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன, ஒவ்வொரு ஃபோல்டரிலும், ஃபைல் மாறியிருந்தால் காட்டிக்கொடுக்க sha256sum எடுத்த ஒரு டெக்ஸ்ட் ஃபைல். பொங்கல் லீவில் அதை -c போட்டு ஓடவிட்டுச் சரிபார்ப்பேன், அந்த ஹார்ட் டிஸ்க்குகளுக்கு வேண்டுமானால் டிஃப்ராக்கும் போட்டுக்கொள்ளலாம்.