"பால் மறந்த குட்டி" என்று விற்றால் தராசு இல்லாமல் போகாதீர்கள்

போன கார்த்திகையில் 10 தலைச்சேரிக் கலப்பு ஆட்டுக்குட்டிகள் வாங்கினேன். பக்கத்து மாவட்டத்தில், தரைக்கு மேலே இடுக்கு விட்டுப் பலகை அடித்து ஆடு வளர்க்கும் ஒரு பரண் பண்ணை. குட்டி ஒன்று 4000 ரூபாய், மொத்தம் 40,000. "மூணு மாசக் குட்டி தம்பி, பால் மறந்தாச்சு, தழை போட்டா போதும்" என்று சொல்லித்தான் பண்ணைக்காரர் கொடுத்தார். பத்தில் நான்கு செத்துப்போயின, ஒன்று நொண்டியாகிவிட்டது. வேறு யாரும் இப்படி ஏமாறக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

வாங்கும்போது நானும் சும்மா வாங்கவில்லை. வயசு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஒரு குட்டியின் வாயைத் திறந்து, "பாருங்க, எட்டுப் பல்லும் வந்துடுச்சு" என்று காட்டினார். நானும் எண்ணிப் பார்த்தேன், கீழ்த்தாடையில் எட்டு இருந்தது, நம்பிவிட்டேன். அந்த எட்டும் பால்பல். ஒரு மாதக் குட்டிக்கே பால்பல் எட்டும் வந்துவிடும், ஒரு வயதுக்கு மேல்தான் அது விழத் தொடங்கும். ஆகவே எட்டுப் பல் இருந்தால் ஒரு மாதம் ஆகியிருக்கிறது என்று சொல்லலாம், அதற்கு மேல் அது எதையும் சொல்லாது. வயிறும் நன்றாக உப்பி இருந்தது. நன்றாக மேய்கிற குட்டி என்று நினைத்தேன். சீக்கிரமே பாலை நிறுத்தி வெறும் தழையும் தண்ணீரும் காட்டிய குட்டிக்குத்தான் அப்படிப் பானை வயிறு வரும். முதுகைத் தடவிப் பார்த்திருந்தால் எலும்பு கையில் தட்டியிருக்கும், ரோமம் சொரசொரவென்று நின்றிருக்கும். நான் தடவவில்லை.

டாடா ஏஸில் ஏற்றி வந்து இறக்கும்போது நல்ல தூறல். அகத்தித் தழையும் சூபாபுல் தழையும் கட்டித் தொங்கவிட்டேன். மோந்து பார்த்துவிட்டு விலகிப் போயின. இரவு டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாம் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு, ஒன்றின் காதை ஒன்று சப்பிக்கொண்டிருந்தன. நான் உட்கார்ந்ததும் ஒரு குட்டி வந்து என் லுங்கி நுனியைப் பிடித்துச் சப்பத் தொடங்கியது. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. பால் மறந்த குட்டி படுத்திருக்கும்போது அசை போடும். இந்தப் பத்தில் ஒன்றுகூட அசை போடவில்லை.

காலையில் தொங்குதராசில் சாக்குப் போட்டு நிறுத்தினேன். 4 கிலோ 600-லிருந்து 5 கிலோ 200 வரை. எங்கள் பக்கத்தில் இந்தக் கலப்புக் குட்டி பிறக்கும்போது 2 கிலோ அளவில் இருக்கும். தாய்ப்பால் நன்றாகக் கிடைத்தால் நாளைக்கு 70, 80 கிராம் ஏறும். அப்படி 90 நாள் ஏறினால் எட்டரை, ஒன்பது கிலோ வர வேண்டும். 5 கிலோ என்றால் ஒன்று அதற்கு ஆறு வாரம்தான் ஆகியிருக்கும், இல்லை மூன்று மாதம் பட்டினியில் கிடந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் அது பால் மறக்கடிக்கிற குட்டி இல்லை. பிறந்த எடையைப் போல இரண்டரை மடங்கு ஆனால் மட்டும் போதாது, குட்டித் தீவனத்தைத் தானாகத் தேடித் தின்ன ஆரம்பித்த பிறகுதான் பாலை நிறுத்தலாம்.

மூன்றாம் நாள் இரண்டு குட்டிகள் காலைத் தரையில் ஊன்றவில்லை. பண்ணைக்காரருக்குப் போன் செய்தால், "வண்டியில மிதிபட்டிருக்கும், மஞ்சள் பத்துப் போடுங்க" என்றார். முழங்காலைத் தொட்டேன். இரண்டு காலிலும் வீங்கி, சூடாக இருந்தது. மிதிபட்டால் ஒரு கால்தானே வீங்கும்? கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிப் போனேன். டாக்டர் காலைப் பார்ப்பதற்கு முன்னால் குட்டியைத் திருப்பிப் போட்டுத் தொப்புளைத்தான் அழுத்திப் பார்த்தார். என் கையையும் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கு அடியில் விரல் தடிமனில் ஒரு கயிறு போல இருந்தது. அழுத்தியதும் குட்டி கத்தியது.

"பிறந்த அன்னைக்கே வந்த வினை இது" என்றார் அவர். பிறந்ததும் தொப்புள்கொடி ஈரமாக, திறந்த குழாய் போல இருக்கும். அதை வயிற்றிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் விட்டு நறுக்கி, டிஞ்சர் அயோடினில் முக்க வேண்டும். மேலே பஞ்சால் தடவினால் போதாது. சின்ன மூடியில் மருந்தை ஊற்றி, கொடி முழுதும் உள்ளே போகிற மாதிரி வயிற்றோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். காயும்வரை குட்டி சாணத்திலும் மூத்திரத்திலும் படுக்கக் கூடாது. இல்லாவிட்டால் கிருமி அந்தக் குழாய் வழியாக ரத்தத்தில் ஏறி மூட்டுகளில் இறங்கிச் சீழ் பிடிக்கும்.

அவர் அடுத்துக் கேட்டது சீம்பாலைப் பற்றி. குட்டி தாயிடமிருந்து நோய் எதிர்ப்புச் சக்தியோடு பிறப்பதில்லை, சீம்பால் வழியாகத்தான் அது வருகிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊட்டு, ஒரு நாளுக்குள் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 கிலோ குட்டிக்கு 200 மில்லி. மணிக்கு மணி குடல் அதை உறிஞ்சுவது குறைந்து, ஒரு நாள் கழிந்தால் அநேகமாக நின்றே போகும். அப்புறம் எத்தனை லிட்டர் கொடுத்தாலும் அந்தப் பயன் வராது. இந்தக் குட்டிகளுக்கு அது கிடைத்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்?

பின்னால் தெரிந்தது. அந்தப் பண்ணையில் முன்பு வேலை பார்த்த ஒரு அண்ணனைத் தேடிப் போய்க் கேட்டேன். தாய் ஆடுகளின் பாலைக் கறந்து விற்கிறார்களாம். குட்டி போட்ட இரவில் யாரும் கூட இருப்பதில்லை. எழுந்து மடி தேடிக் குடிக்கிற குட்டி பிழைக்கும், மற்றது அதிர்ஷ்டம். மழை நாளில் பரணின் இடுக்கு வழியாகக் கீழிருந்து காற்று அடிக்கும். அதன் மேல் ஒரு சாக்குக்கூடப் போடுவதில்லை என்றார். ஈரக் குட்டி விறைத்துவிட்டால் மடியைத் தேடக்கூட அதற்குத் தெம்பு இருக்காது.

என் தவறும் ஒன்று உண்டு. பசிக்கிறதே என்று முதல் நாள் பசும்பாலைக் காய்ச்சி ஆற்றி ஒரே வேளையில் 400 மில்லி கொடுத்துவிட்டேன். மறுநாள் வெள்ளைக் கழிச்சல். டாக்டர் சொன்னபடி நாளைக்கு 600 மில்லியை நான்காகப் பிரித்து, வெதுவெதுப்பாக, குட்டி நின்றபடி கழுத்தை நீட்டிக் குடிக்கும் உயரத்தில் பாட்டிலைப் பிடித்துக் கொடுத்த பிறகுதான் கழிச்சல் நின்றது. அதற்குள் இரண்டு போய்விட்டன. மூட்டு வீங்கியதில் ஒன்றும், எந்த அறிகுறியும் காட்டாமல் குளிர்ந்து கிடந்த ஒன்றும் அந்த வாரமே போயின. கடைசியாகச் சொன்ன குட்டியின் வாய்க்குள் விரலை விட்டேன். சில்லென்று இருந்தது. வாய் சில்லென்று இருந்தால் முதலில் சூடேற்ற வேண்டும், அதன் பிறகுதான் பால். குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது. எனக்கு அது அன்று தெரியாது, பாலைத்தான் புகட்டினேன்.

மூட்டு வீங்கிய மற்றொன்று ஊசி போட்டுப் பிழைத்தது. ஆனால் முழங்கால் மடங்காமலே நின்றுவிட்டது.

பணத்தைக் கேட்டதற்கு, "ஏத்தி விட்ட பிறகு எங்க பொறுப்பு இல்ல" என்று போனை வைத்துவிட்டார். எழுத்தில் எதுவும் வாங்காததால் அதற்கு மேல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இனி நான் குட்டி வாங்கினால், தாயைக் காட்டச் சொல்வேன். குட்டியை விட்டால் அது எந்த மடியைத் தேடிப் போகிறது என்று பார்ப்பேன். சாயங்காலம் போய், படுத்திருக்கிற குட்டிகள் அசை போடுகின்றனவா என்று அரை மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பேன். தொப்புளையும் நான்கு முழங்காலையும் அழுத்திப் பார்ப்பேன். தராசை எடுத்தாலே கோபப்படுகிறவரிடம் அட்வான்ஸ் கொடுக்க மாட்டேன். நேற்றுக்கூட அந்தப் பண்ணைக்காரர் விளம்பரம் போட்டிருக்கிறார்: "பால் மறந்த குட்டிகள் 15 உருப்படி, உடனே எடுத்துச் செல்லலாம்." படத்தில் ஒரு குட்டி பக்கத்துக் குட்டியின் காதைச் சப்பிக்கொண்டிருக்கிறது.