‘கிளெய்ம் லோடிங்’ என்று பயமுறுத்தி, போர்ட் என்று சொல்லி, புது பாலிசியை விற்றுவிட்டார்கள்: ரூ. 1,32,600 போச்சு

ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து தையல்கூட முழுசாக ஆறவில்லை. மருத்துவமனையில் கட்டியது ரூ. 1,32,600. ஏழு வருஷமாக ஒரு தவணைகூட விடாமல் ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டிய குடும்பம் எங்களுடையது. ஆனாலும் இந்தத் தொகை முழுவதையும் நகையை அடகு வைத்துக் கையிலிருந்து கட்டினோம். காரணம், பல கம்பெனி பாலிசிகளை ஒப்பிட்டு விற்கும் ஒரு இணையதளமும், அதன் சார்பாக என்னிடம் பேசிய ஒரு ‘அட்வைஸரும்’. பெயர் போடவில்லை. இதே வேலையைப் பல இடங்களில் செய்கிறார்கள் என்று இப்போது கேள்விப்படுகிறேன்.

போன வருஷக் கடைசியில் புதுப்பித்தல் நோட்டீஸ் வந்தது. நான், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன் மூவருக்கும் சேர்த்து 5 லட்சம் ஃப்ளோட்டர். முந்தைய வருஷம் கட்டியது ரூ. 28,320. இந்த முறை கேட்டது ரூ. 34,200. ஏறத்தாழ ஆறாயிரம் கூடுதல். ஏன் என்று அந்த நோட்டீஸில் ஒரு வரிகூட இல்லை. அந்த நேரத்தில்தான் இணையதளத்திலிருந்து போன் வந்தது.

“சார், போன வருஷம் மேடத்துக்குப் பித்தப்பை ஆபரேஷனுக்கு கிளெய்ம் எடுத்தீங்கல்ல? அதான் கிளெய்ம் லோடிங்னு கூடுதல் பிரீமியம் போட்டுட்டாங்க. இனிமே வருஷா வருஷம் ஏறிக்கிட்டேதான் இருக்கும். பாலிசியை வேற கம்பெனிக்கு போர்ட் பண்ணிடலாம் சார். ஏழு வருஷமும் அப்படியே புது கம்பெனிக்கு வந்துடும்.”

நம்பினேன். நம்பும்படிதான் பேசினார். என் பாலிசி எண், மனைவி ஆபரேஷன் செய்த மாதம் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்று கம்பெனிகளை அருகருகே வைத்துப் பட்டியல் அனுப்பினார். புது பாலிசி ரூ. 27,900 தான் என்றார். படிவத்தை அவரே நிரப்பினார். ஓடிபி மட்டும் நான் சொன்னேன். மறுநாள் வாட்ஸ்அப்பில், “போர்ட் ஆயிடுச்சு சார், கவலைப்படாதீங்க” என்று செய்தி. அந்தச் செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து இடுப்பில் வீக்கம். குடலிறக்கம் என்றார் டாக்டர், வலை வைத்துத் தைக்க வேண்டும் என்றார். பணமில்லாச் சிகிச்சைக்கு மருத்துவமனை விண்ணப்பித்தது. மாலையே பதில் வந்துவிட்டது, நிராகரிப்பு. குடலிறக்கத்துக்கு 24 மாதக் காத்திருப்பு உண்டாம், அதுவரை கிளெய்ம் கிடையாதாம், என் பாலிசி தொடங்கி இரண்டே மாதம்தான் ஆகிறதாம்.

பாலிசி அட்டவணையை அன்றுதான் மருத்துவமனை இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்த பெண் எனக்குப் பிரித்துக் காட்டினார். பாலிசி வகை என்ற இடத்தில் ‘நியூ’ என்று இருந்தது. முந்தைய பாலிசி எண் என்ற இடம் வெறுமை. முதல் பாலிசி தொடங்கிய தேதி என்ற இடத்தில் 2018 அல்ல, புது தேதி. “சார், இது போர்ட் இல்ல, ஃப்ரெஷ் பாலிசி” என்றார் அவர்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் உங்களுக்கும் எரியும். இணையதளத்துக்கு போன் செய்தால், “பாலிசி கொடுத்தது கம்பெனி, அவங்ககிட்ட கேளுங்க.” கம்பெனிக்குப் பேசினால், “விண்ணப்பத்தில் போர்ட் கோரிக்கையே இல்லை, நீங்கள்தான் ஓடிபி கொடுத்து ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள்.” அட்வைஸரின் எண் எடுக்கவில்லை. அவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். 30 நாளுக்குள் ரத்து செய்திருக்கலாமே என்று இன்னொருவர் ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னார். போர்ட் ஆயிடுச்சு என்று எழுதிக் கொடுத்தவனை நம்பியிருக்கும் ஆள் எதற்காக ரத்து செய்யப் போகிறான்? பழைய கம்பெனியிடம் திரும்பலாம் என்றால், காலாவதியான பிறகு கிடைக்கும் 30 நாள் சலுகைக் காலமும் முடிந்துபோயிருந்தது. ரூ. 1,32,600-க்கு யாரும் பொறுப்பில்லை.

இப்போது படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். முதலில் அந்த நோட்டீஸ். இதில்தான் என்னைப் பிடித்தார்கள்.

ரூ. 28,320-க்கும் ரூ. 34,200-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பதே தப்பு. பழைய தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அடிப்படைப் பிரீமியம் ரூ. 24,000, வரி ரூ. 4,320. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப ஹெல்த் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆக, இந்த வருஷ ரூ. 34,200 முழுவதும் பிரீமியம். உண்மையான உயர்வு 24,000-த்திலிருந்து 34,200, அதாவது ரூ. 10,200, 42 சதவீதத்துக்கு மேல். வரி போனதால் அதில் ரூ. 4,320 உயர்வு கண்ணில் படவில்லை. அதனால் வரி இல்லாத தொகையை வரி இல்லாத தொகையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இந்த ரூ. 10,200 எங்கிருந்து வந்தது? எல்லாம் முடிந்த பிறகு பழைய கம்பெனிக்கு மின்னஞ்சல் போட்டு, விலைப் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். ஃப்ளோட்டரில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் விலை. எனக்கு 51 ஆனதால் அடுத்த வயது வரிசைக்குப் போய்விட்டேன். பழைய விலைப்படியே அந்த வரிசைக்கு 25,000-லிருந்து 29,000. அது ரூ. 4,000. அடுத்து, கம்பெனி அந்தத் திட்டத்தின் விலையையே எல்லோருக்கும் மாற்றியிருக்கிறது. 29,000 என்பது 34,200 ஆனது, ரூ. 5,200. மீதி ரூ. 1,000, கிளெய்ம் எடுக்காத வருஷங்களுக்குக் கொடுத்து வந்த தள்ளுபடி. பித்தப்பை கிளெய்முக்குப் பிறகு அது போய்விட்டது. கணக்கு சரியாக முடிகிறது. லோடிங் என்று ஒரு ரூபாய்கூட இல்லை.

இருக்கவும் முடியாது. ஒருவர் கிளெய்ம் எடுத்தார் என்பதற்காக அவருடைய புதுப்பித்தலில் லோடிங் போடக்கூடாது, கிளெய்ம் எடுத்ததைச் சொல்லிப் புதுப்பிக்க மறுக்கவும் கூடாது. இது இன்சூரன்ஸ் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி, என் பழைய பாலிசிப் புத்தகத்திலேயே புதுப்பித்தல் பிரிவில் அச்சாகி இருக்கிறது. லோடிங் என்று ஒன்று நிஜமாகவே உண்டுதான். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர் முதலில் சேரும்போது உடல்நிலையைப் பார்த்துக் கூடுதல் தொகை கேட்பார்கள். கிளெய்ம் எடுத்ததற்கு அபராதமாகப் போடுவது அல்ல. கிளெய்ம் எடுத்தால் தள்ளுபடியோ போனஸோ குறையலாம், அவ்வளவுதான். அட்வைஸர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிச் சொன்னார். பயந்தால்தானே ஓடுவோம்.

அடுத்தது போர்ட். இது நமக்கு உள்ள உரிமைதான், ஆனால் அதற்கு ஒரு கால வரம்பு உண்டு. பாலிசி முடியும் தேதிக்கு 60 நாளுக்கு முன்பிருந்து 45 நாள் வரை புது கம்பெனியிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு வரும் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வதும் விடுவதும் புது கம்பெனியின் விருப்பம். எனக்கு நோட்டீஸ் வந்தபோது பாலிசி முடிய ஒரு மாதம்தான் இருந்தது. அதாவது அவர் என்னிடம் “போர்ட் பண்ணிடலாம்” என்று சொன்ன அன்றைக்கே உரிமையாகக் கேட்கும் வாசல் மூடியிருந்தது. அது அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை, தினமும் செய்யும் தொழில் இது. விற்பனை கைவிட்டுப் போகக்கூடாது என்று ஃப்ரெஷ் பாலிசியைப் போட்டுவிட்டார்.

ஒழுங்கான போர்ட்டில் புது கம்பெனி, பழைய கம்பெனியிடமிருந்து நம் கிளெய்ம் விவரங்களை அதற்கென உள்ள தளத்தின் வழியாகக் கேட்டு வாங்கும். பழைய கம்பெனி 72 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும், வந்ததிலிருந்து 5 நாளில் புது கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். நம்மிடமும் போர்ட் படிவம், பழைய பாலிசி நகல்கள் கேட்பார்கள். என்னிடம் இதில் எதுவுமே கேட்கவில்லை. புது கம்பெனி உடல்நிலையைப் பார்த்து வேண்டாம் என்று மறுக்கவும் செய்யலாம், அதனால் “மறுநாளே போர்ட் ஆயிடுச்சு” என்று வந்தால் சந்தேகப்படுங்கள்.

போர்ட் ஆகியிருந்தால் முடித்த காத்திருப்புக் காலம் முழுவதும் பழைய 5 லட்சம் வரைக்கும் கூடவே வந்திருக்கும். குடலிறக்கத்துக்கான 24 மாதத்தை நான் எப்போதோ தாண்டிவிட்டேன். இன்னொன்றும் போனது. தொடர்ந்து 60 மாதம் பாலிசி இருந்தால், மோசடியை நிரூபித்தால் ஒழிய, ‘நீங்கள் அந்த நோயைச் சொல்லவில்லை’ என்று கம்பெனி கிளெய்மை மறுக்க முடியாது. அந்தப் பாதுகாப்பும் எங்கள் மூவருக்கும் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. ரூ. 1,32,600 மட்டும் போனால்கூட ஒரு வருஷத்தில் சமாளிப்பேன். இதை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.

இணையதளம், கம்பெனி இருவர் மேலும் புகார் கொடுத்திருக்கிறேன். கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில், கூடவே ஐஆர்டிஏஐயின் bimabharosa.irdai.gov.in தளத்திலும். வாட்ஸ்அப் செய்தியை இணைத்திருக்கிறேன். தொலைபேசி உரையாடல் பதிவையும் கேட்டிருக்கிறேன், இதுவரை தரவில்லை. ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் சென்னை தேனாம்பேட்டையில் உள்ள இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போவேன். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. இன்சூரன்ஸ் புரோக்கர்கள் மேலும் அங்கே புகார் செய்யலாம், இந்த மாதிரி விற்பனைத் தளங்கள் பெரும்பாலும் புரோக்கர் உரிமத்தில்தான் நடக்கின்றன.

விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், வலியோடு இதற்கு மேல் முடியவில்லை. அவசரமாக இவ்வளவு மட்டும்:

நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பாலிசி முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே கம்பெனியிடம் அடுத்த வருஷத் தொகையை எழுத்தில் கேளுங்கள். 60 வயதைக் கடந்தவர்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் கம்பெனி முதலில் ஐஆர்டிஏஐயைக் கலந்துபேச வேண்டும், இது 2025 ஜனவரியில் வந்த உத்தரவு. அப்பா அம்மா பாலிசிக்கு இதைச் சொல்லிக் கேளுங்கள்.

கிளெய்ம் லோடிங் என்று எவன் சொன்னாலும், பாலிசியில் எந்தப் பிரிவு என்று கேளுங்கள்.

போர்ட் உறுதி என்று புது கம்பெனியிடமிருந்தே எழுத்து வரும்வரை பழைய பாலிசியை விடாதீர்கள். தேதி நெருங்கிவிட்டால் பழையதையே கட்டிவிட்டு அடுத்த வருஷம் முன்கூட்டியே முயற்சி செய்யுங்கள்.

போர்ட் செய்து முடித்தவர்கள் இன்றைக்கே அட்டவணையை எடுத்து முதல் பாலிசி தொடங்கிய தேதியைப் பாருங்கள். புது தேதி இருந்தால் 30 நாள் ரத்துக் காலமும் பழைய கம்பெனியின் 30 நாள் சலுகைக் காலமும் முடிவதற்குள் ஓடுங்கள்.