மணி அடித்துக் காட்டினால் நம்பிவிடாதீர்கள்: ஸ்பிரிங்க்ளர் கான்ட்ராக்டர் எங்களை ஏமாற்றிய கதை

சின்ன வணிகக் கட்டடத்துக்கு ஸ்பிரிங்க்ளர் போடுகிறவர்கள், கான்ட்ராக்டருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் முழுப் பணத்தையும் கொடுத்து, "எல்லாம் சரி" என்று ரிப்போர்ட்டும் வாங்கிவிட்டோம். அதில் பல்லிளிக்காத இடமே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்களுடையது இரண்டு மாடிக் கட்டடம். கீழே கடை, மேலே அலுவலகம். போட்டது வெட் பைப் சிஸ்டம், அதாவது பைப்புக்குள் எப்போதும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கும். தண்ணீர் தெளிக்கும் முனையான ஒவ்வொரு ஹெட்டிலும் உள்ள சின்னக் கண்ணாடிக் குமிழ், சுற்றியுள்ள சூடு ஏறினால் உடையும். சிவப்புக் குமிழாக இருந்தால் 68 டிகிரி செல்சியஸ். சூடு பட்ட ஹெட் மட்டும்தான் திறக்கும், மற்றவை மூடியே இருக்கும். சினிமாவில் வருவதுபோல் கட்டடம் முழுக்க மழை பெய்யாது. அதனால்தான் ஒவ்வொரு ஹெட்டும் அதனதன் பரப்பைச் சரியாகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒப்படைத்த அன்று கான்ட்ராக்டர் எங்களை அலாரம் வால்வு இருக்கும் அறைக்குக் கூட்டிப்போனார். ஒரு சின்ன வால்வைத் திருப்பினார், வெளியே சுவரில் இருந்த மணி காதைப் பிளந்தது. பிறகு கேஜைக் காட்டி, "பாருங்க சார், 5.4 பார், நல்ல பிரஷர்" என்றார். முடிந்தது டெஸ்ட். மூன்றாவது மனிதர் ஒருவர் வந்து பார்க்காமல் இருந்திருந்தால் இன்றுவரை அதையே நம்பிக்கொண்டிருப்போம். கீழ்த்தளத்தை வாடகைக்குக் கேட்டவர்கள் தங்கள் சார்பில் ஒரு இன்ஜினியரை அனுப்பினார்கள். வயதானவர், பேச்சு குறைவு. கையில் ஒரு டேப், ஒரு ரெஞ்ச், பழைய நோட்டு.

முதலில் அவர் வால்வு பக்கமே போகவில்லை. கடைக்குள் நின்று ஹெட்டுகளை எண்ணினார். 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலமுள்ள ஹாலில் மொத்தம் எட்டு ஹெட். இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு, எந்தப் பக்கம் அளந்தாலும் 4.5 மீட்டர் இடைவெளி. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கான்ட்ராக்டரைப் போனில் பிடித்தபோது அவர் தயங்கவே இல்லை. "ரூல்ல 4.6 மீட்டர் வரைக்கும் விடலாம்னு இருக்கே சார்." இருக்கிறது, உண்மைதான். ஸ்பிரிங்க்ளருக்கான அமெரிக்கத் தர விதியான என்.எஃப்.பி.ஏ. 13-இல் சாதாரண ஹெட்டுக்கு ஹெட் அதிகபட்ச இடைவெளி 4.6 மீட்டர்தான். ஆனால் அது பாதி விதி. மீதிப் பாதி, ஒரு ஹெட் எத்தனை சதுர மீட்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது. அலுவலகம் போன்ற குறைந்த அபாய இடத்துக்கு அது ஏறக்குறைய 20.9 சதுர மீட்டர் வரை போகலாம். சரக்கு அடுக்கிய கடை சாதாரண அபாய வகையில் வரும், அங்கே உச்சவரம்பு 12.1 சதுர மீட்டர். எங்கள் கடையில் 4.5-ஐ 4.5-ஆல் பெருக்கினால் 20.25. மேல்மாடி அலுவலகத்துக்குப் போட்ட கணக்கை அப்படியே கீழே கடையிலும் இறக்கிவிட்டார். ஹெட், பைப், ஃபிட்டிங், கூலி எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட பாதி மிச்சம்.

"கொஞ்சம் தள்ளித் தள்ளி இருந்தா என்ன ஆகிடும்" என்று நானும் கேட்டேன். இன்ஜினியர் நோட்டில் எழுதிக் காட்டினார். இந்த வகைக் கடைக்குச் சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 8.1 லிட்டர் தண்ணீர் விழ வேண்டும் என்பது வழக்கமான வடிவமைப்பு அளவு. ஹெட் 12.1 சதுர மீட்டரைப் பார்த்தால் அதற்கு நிமிடத்துக்கு 98 லிட்டர் போதும். கே-80 என்ற வழக்கமான துளை அளவுள்ள ஹெட்டில் அது வெளியேற ஹெட்டின் வாயில் 1.5 பார் அழுத்தம் இருந்தால் சரி. அதே ஹெட் 20.25 சதுர மீட்டரைப் பார்க்க வேண்டுமென்றால் 164 லிட்டர் வேண்டும், அதற்கு 4.2 பார். தண்ணீர் இரண்டு மடங்குகூட ஏறவில்லை, ஆனால் தேவையான அழுத்தம் மூன்று மடங்கை நெருங்கிவிட்டது. வால்வில் 5.4 காட்டும் சிஸ்டத்தில், பல ஹெட்டுகள் திறந்து தண்ணீர் ஓடும்போது கடைசி ஹெட்டில் 4.2 எங்கிருந்து மிஞ்சும்?

பரப்பை அளக்கும் முறையையும் அவர் சொல்லிக்கொடுத்தார். பக்கத்து ஹெட் எவ்வளவு தூரம், அந்தப் பக்கச் சுவர் எவ்வளவு தூரம் என்று இரண்டையும் அளக்க வேண்டும். சுவர் தூரத்தை இரண்டால் பெருக்கி, இரண்டில் எது பெரிதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றத் திசையிலும் அப்படியே செய்து, இரண்டையும் பெருக்கினால் அந்த ஹெட்டின் பரப்பு. சுவரை மறந்தால் மூலை ஹெட்டுகள் தப்பித்துவிடும். எங்கள் ஹாலுக்கு அவர் போட்டது மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து. வரிசைகளுக்கு நடுவே 3 மீட்டர், வரிசைக்குள் 3.6 மீட்டர், சுவரிலிருந்து அதில் பாதி. ஹெட்டுக்கு 10.8 சதுர மீட்டர், மொத்தம் 15 ஹெட். இருந்தது எட்டு. ஆனால் இதைத் திருப்பிப் போட்டு ஹெட்டுகளை நெருக்கி வைத்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். 1.8 மீட்டருக்குள் இரண்டு ஹெட் இருந்தால், முதலில் திறந்ததன் சாரல் அடுத்ததை நனைத்துக் குளிரவைத்துத் திறக்கவிடாமல் செய்துவிடும்.

அடுத்து அலாரம் வால்வு. வால்வுக்குள் கிளாப்பர் என்று ஒரு தகடு தன் இருக்கையில் படுத்திருக்கும். ஹெட் திறந்து பைப்பில் தண்ணீர் ஓடினால் கிளாப்பர் தூக்கிக்கொள்ளும். அப்போது இருக்கையில் உள்ள துளைகள் வழியாகக் கொஞ்சம் தண்ணீர் அலாரம் லைனுக்குள் போய் மணியைச் சுழற்றும், பிரஷர் ஸ்விட்சைத் தட்டும். இதில் கான்ட்ராக்டர் எங்களுக்குத் திருப்பிக் காட்டிய சின்ன வால்வு எது தெரியுமா? கிளாப்பருக்குக் கீழே இருந்து தண்ணீரை எடுத்து நேராக அலாரம் லைனில் விடும் குறுக்குவழி. மணி நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அது ஒரு நல்ல வசதி. ஆனால் அதைத் திறக்கும்போது கிளாப்பர் இம்மிகூட அசையாது. கட்டடத்துக்குள் ஓடும் பைப்புக்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை.

இன்ஜினியர் பைப்பின் கடைக்கோடியில் உள்ள டெஸ்ட் வால்வைத் திறக்கச் சொன்னார். தண்ணீர் வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டியது. மணி அடிக்கவில்லை. 5 நிமிடத்துக்குள் அடித்தாக வேண்டும், அதற்கு மேலும் நின்று பார்த்தோம், மௌனம். வால்வு அறையில் போய்ப் பார்த்தால், வால்வுக்கும் மணிக்கும் நடுவே அலாரம் லைனில் உள்ள காக் என்ற சின்ன அடைப்பு வால்வு மூடியிருந்தது. குறுக்குவழி லைன் அந்தக் காக்கைத் தாண்டிச் சேருவதால் ஒப்படைப்பு அன்று மணி அடித்துவிட்டது. உண்மையில் தீப்பிடித்திருந்தால் அடித்திருக்காது.

ஏன் மூடினார்கள் என்பதும் அங்கேயே தெரிந்தது. காக்கைத் திறந்து வைத்தபோது, யாரும் எதையும் தொடாமலே மணி விட்டுவிட்டு அடித்தது. சப்ளை அழுத்தம் திடீரென்று ஏறி இறங்கும்போது கிளாப்பர் ஒரு கணம் எம்பும், அந்தச் சொட்டுத் தண்ணீரே மணிக்குப் போய்விடும். அதைத் தாங்கத்தான் ரிடார்டு சேம்பர் என்ற சின்னத் தொட்டி வைப்பார்கள். வந்த கொஞ்சத் தண்ணீர் அதன் அடித்துளை வழியாக வடிந்துவிடும், தொடர்ந்து ஓடினால் மட்டுமே தொட்டி நிறைந்து மணிக்கு ஏறும். எங்களுக்கு அந்தத் தொட்டியே வைக்கவில்லை. பைப்பில் காற்றும் நிறைய மாட்டியிருந்தது, அது நசுங்கி நசுங்கித் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. தொட்டி வைத்து, காற்றை வெளியேற்றினால் போகிற தொல்லை. அதற்குப் பதில் காக்கை மூடிவிட்டுப் போய்விட்டார்கள்.

கடைக்கோடி டெஸ்ட் வால்விலும் ஒரு கோல்மால். அதன் வாய் முழு 25 மில்லிமீட்டர் பைப்பாகத் திறந்திருந்தது. சிஸ்டத்தில் உள்ள மிகச் சிறிய ஹெட் எவ்வளவு விடுமோ அவ்வளவு மட்டும் விடும் துளை அங்கே இருக்க வேண்டும். ஒரே ஒரு ஹெட் திறந்தாலும் அலாரம் வருமா என்பதுதானே கேள்வி. முழுப் பைப்பையும் திறந்துவிட்டால் பல ஹெட் சேர்ந்து திறந்ததுபோல் ஓடும், எந்தச் சோம்பேறி வால்வும் எழுந்துகொள்ளும். வெட் பைப்பில் இந்த டெஸ்ட் வால்வைக் கடைக்கோடியில்தான் வைக்க வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்தவில்லை, அலாரம் வால்வைத் தாண்டி எங்கும் வைக்கலாம். இருந்தாலும் கோடியில் கேளுங்கள். தண்ணீர் அங்கே வரை வருகிறது என்பதாவது கண்ணுக்குத் தெரியும்.

மிகப் பெரிய ஏமாற்று கடைசியில்தான் வெளிவந்தது. தண்ணீரை மேலே ஏற்றும் 100 மில்லிமீட்டர் நெட்டுப் பைப்பான ரைசருக்கு, சிஸ்டத்தை வடிக்கும் மெயின் ட்ரெயின் 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வால்வு 50 இருந்தது, ஆனால் அதன் வாயில் ரெடியூசர் போட்டு ஒரு விரல்தடி ஹோஸை மாட்டி பக்கெட்டில் விட்டிருந்தார்கள். வெளியே வடிகால் எடுக்கும் வேலையை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். இன்ஜினியர் ரெடியூசரைக் கழற்றச் சொல்லி, தற்காலிகமாக ஒரு பைப்பை வெளியே விட்டு, ட்ரெயினை முழுதாகத் திறந்தார். கிளாப்பருக்குக் கீழே உள்ள கேஜின் முள் 5.4-லிருந்து சரசரவென்று இறங்கி 1.2-இல் போய் நின்றது.

"இதுதான் உங்க பிரஷர்" என்றார்.

தண்ணீர் நின்றுகொண்டிருக்கும்போது கேஜ் காட்டுவது எதையும் நிரூபிக்காது. சப்ளை வால்வு ஒரு நூல் அளவு திறந்திருந்தாலும், சற்று நேரத்தில் இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகி முழு 5.4 காட்டும். தண்ணீர் ஓடும்போதுதான் அடைப்பு தெரியும். தேடிப்பார்த்ததில், தரைக்கடியில் இருந்த சப்ளை வால்வைச் சில திருப்புகளோடு நிறுத்தியிருந்தார்கள். முழுதாகத் திறந்துவிட்டு மறுபடி ட்ரெயின் டெஸ்ட் செய்தபோது முள் 4.6-இல் நின்றது. ட்ரெயினை மெதுவாக மூடியதும் தாமதமில்லாமல் 5.4-க்கு ஏறியது. இந்த 5.4, 4.6 இரண்டையும் தேதியோடு ஒரு அட்டையில் எழுதி ரைசரில் மாட்டியிருக்கிறோம். இனி செய்யும் டெஸ்டில் ஓடும்போதைய அழுத்தம் இதைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் எங்கோ வால்வு மூடியிருக்கிறது அல்லது அடைத்திருக்கிறது என்று அர்த்தம், தேடியாக வேண்டும். கிளாப்பருக்கு மேலே உள்ள கேஜ் கீழே உள்ள கேஜைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் பயப்பட வேண்டாம், ஏறிய அழுத்தத்தைக் கிளாப்பர் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கான்ட்ராக்டர் கொடுத்த ரிப்போர்ட்டை இப்போது எடுத்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. "மெயின் ட்ரெயின் டெஸ்ட்: 5.4 பார், ஓகே." ஒரே ஒரு எண். ட்ரெயின் டெஸ்ட் என்றால் நின்ற அழுத்தம், ஓடும் அழுத்தம் என்று இரண்டு எண் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் எழுதியிருந்தால் யாரும் ட்ரெயினைத் திறக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தபிறகு ரிடார்டு சேம்பரும், டெஸ்ட் வால்வின் துளையும், வெளியே போகும் ட்ரெயின் பைப்பும் போட்டுக் கொடுத்தார்கள். ஹெட்டுகளை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "கூடுதல் வேலை, தனி கொட்டேஷன்" என்கிறார். அதற்கு நாங்கள் கேட்டிருப்பது ஒன்றே ஒன்று: முதலில் போட்ட எட்டு ஹெட்டுக்கான ஹைட்ராலிக் கணக்குத் தாளையும், ரைசரில் மாட்ட வேண்டிய தகட்டையும் கொடுங்கள். எந்த அபாய வகை, சதுர மீட்டருக்கு எவ்வளவு தண்ணீர், ரைசரின் அடிப்பகுதியில் எவ்வளவு அழுத்தம் தேவை என்று அதில் பொறித்திருக்க வேண்டும். இதுவரை வரவில்லை. கீழ்த்தளமும் இன்னும் வாடகைக்குப் போகவில்லை.