கிளினிக் வலைத்தளம்: துறை வழியா, டாக்டர் வழியா, நேரம் வழியா?

கும்பகோணம் பக்கம் ஒரு கிளினிக். மொத்தம் ஏழு டாக்டர்கள். அதில் தினமும் இருப்பவர்கள் இரண்டு பேர்தான். மற்ற ஐந்து பேரும் வாரத்தில் ஒன்றிரண்டு நாள் மாலையில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள். கூடவே ரத்தப் பரிசோதனைக் கூடம், ஸ்கேன், பிசியோதெரபி, மருந்துக்கடை. இவர்களுக்கு வலைத்தளம் செய்தபோது தளவரைபடத்தை மூன்று விதமாக வரைந்து பார்த்தோம். எந்த வரைபடம் எந்தக் கிளினிக்குக்குப் பொருந்தும் என்பதை இந்த ஒன்றை வைத்தே சொல்கிறேன்.

தளவரைபடம் என்று நான் சொல்வது, எந்தப் பக்கத்துக்குக் கீழே எந்தப் பக்கம் வரும் என்று காகிதத்தில் போடுகிற படம். கூகுளுக்காக வைக்கிற `sitemap.xml` வேறு சமாச்சாரம். பெரும்பாலான தளங்களில் அது தானாகவே உருவாகிவிடும்.

வரைவதற்கு முன்னால் வரவேற்பில் இருந்த அக்காவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் போனில் கேட்கிற கேள்விகளை அப்படியே எழுதச் சொன்னோம். "இன்னிக்கு எலும்பு டாக்டர் வர்றாரா?" "சுகர் டெஸ்டுக்கு எத்தனை மணிக்கு வரணும்?" "போன தடவை பார்த்த டாக்டரம்மா என்னிக்கு இருப்பாங்க?" "வயித்து ஸ்கேன் ஞாயித்துக்கிழமை உண்டா?" நோட்டு முழுக்க இந்த மாதிரிதான். கிளினிக் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று தனியாக ஒருவரும் கேட்கவில்லை. ஒரு டாக்டரோ ஒரு பரிசோதனையோ, அதோடு ஒரு கிழமை. இரண்டும் சேர்ந்துதான் கேள்வியாக வந்தது.

கிளினிக் கொடுத்த முதல் குறிப்பிலோ 'வேலை நேரம்: காலை 9 முதல் இரவு 9 வரை' என்ற ஒற்றை வரி பக்கத்தின் அடியில் இருந்தது. பொய்யில்லை. ஆனால் அதை நம்பி செவ்வாய்க்கிழமை முழங்கால் வலியோடு வருகிறவர், எலும்பு டாக்டர் வெள்ளிக்கிழமைதான் வருவார் என்று கேட்டுவிட்டுத் திரும்ப பஸ் ஏற வேண்டியதுதான். ஆக மூன்று வரைபடங்களையும் ஒரே கேள்வியால் அளக்கலாம்: டாக்டரும் கிழமையும் சந்திக்கிற அந்தக் கட்டம் எங்கே கிடைக்கிறது?

துறை வழி

பெரிய மருத்துவமனைகளின் தளங்களைப் பார்த்துப் பழகியவர்கள் முதலில் போடுவது இதைத்தான். முகப்பு, அதன் கீழ் துறைகள், துறைக்குள் டாக்டர்கள், டாக்டருக்குள் நேரம். மூன்று தட்டு தட்டினால் நேரம் வரும்.

ஒரு துறையில் நாலைந்து டாக்டர்கள் இருக்கிற இடத்தில் இதுதான் சரி. 'இதயம்' என்று போனால் உள்ளே யார் யார் எந்த நாள் என்று ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். நம் கிளினிக்கிலோ துறைக்கு ஒருவர்தான். எலும்பியல் பக்கத்தைத் திறந்தால் ஒரே ஒரு பெயர், அதையும் இன்னொரு முறை தட்ட வேண்டும். நடுவில் ஒரு படி வீண்.

அதைவிடப் பெரிய சிக்கல் துறையின் பெயர். தைராய்டுக்கு எங்கே போவது? பொது மருத்துவமா, நாளமில்லாச் சுரப்பியியலா? இதைத் தீர்மானிக்கத் தெரிந்தவர் அநேகமாக ஏற்கெனவே அந்த டாக்டரிடம் பார்த்துக்கொண்டிருப்பவர். புதிதாக வருகிறவருக்குத் தெரிந்த சொற்கள் சுகர் டாக்டர், எலும்பு டாக்டர், குழந்தை டாக்டர். துறை வழியை வைத்தே ஆக வேண்டும் என்றால் பெயரையாவது 'எலும்பு, மூட்டு' என்று போட்டு, கீழே சிறிய எழுத்தில் 'ஆர்த்தோ' என்று சேருங்கள். பரிந்துரைச் சீட்டில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் உண்டு.

டாக்டர் வழி

முகப்பு, டாக்டர்கள், அதில் ஒருவரைத் தட்டினால் அவருடைய நாளும் நேரமும். ஒரு படி குறைவு. மறுபடி பார்க்க வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. அவர்கள் பெயரைச் சொல்லித்தான் தேடுவார்கள். கூகுளில் டாக்டர் பெயரைப் போட்டு நேராக அந்தப் பக்கத்துக்கே வந்து இறங்குகிறவர்களும் இவர்கள்தான்.

இடறுவது இரண்டு இடத்தில். டாக்டரே இல்லாத வேலைகளுக்கு இதில் வீடு கிடையாது. ரத்தப் பரிசோதனை, பிசியோதெரபி, காயத்துக்குக் கட்டு மாற்றுவது எல்லாம் எந்த டாக்டரின் கீழ் வரும்? 'மற்றவை' என்று ஒரு பக்கம் போட்டு அடைத்தோம். அது பரண் மாதிரி ஆகிவிட்டது.

இன்னொன்று, வந்து போகிற டாக்டர்கள் திடீரென்று நின்றுவிடுவார்கள். பக்கத்தை அழித்தால் கூகுளிலிருந்து வருகிறவருக்கு 404 என்று வெற்றுப் பக்கம்தான் கிடைக்கும். அந்த முகவரியை டாக்டர்கள் பட்டியலுக்கு 301 திசைமாற்றமாகத் திருப்பிவிட வேண்டும். தளமே முழுக்க டாக்டர் பக்கங்களாக இருந்தால் இந்த வேலை ஓயாது.

நேரம் வழி

மூன்றாவதில் நோட்டில் இருந்த கேள்விகளே மேல்பட்டியாக வந்தன: நேரம், டாக்டர்கள், சேவைகள், தொடர்பு. 'நேரம்' என்ற பக்கத்தில் திங்கள் முதல் ஞாயிறு வரை ஒரே அட்டவணை. அந்தந்தக் கிழமைக்குக் கீழே அன்று வருகிற டாக்டர்கள், அவர்கள் எதற்கான டாக்டர், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. ஏழு டாக்டர்கள் என்பதால் போனில் இரண்டு விரல் தள்ளலுக்குள் முடிந்துவிடும். முப்பது டாக்டர்கள் என்றால் இந்தப் பக்கம் ரயில்வே கால அட்டவணை ஆகிவிடும். அப்போது துறை வழிக்கே திரும்புங்கள்.

(ஒரே டாக்டர் நடத்துகிற கிளினிக்குக்கு இந்த மூன்றுமே வேண்டாம். ஒற்றைப் பக்கத்தில் பெயர், நேரம், வரும் வழி, போன் எண் போதும்.)

காத்திருப்பு அறையில் ஒரு சோதனை

எங்களுக்குள் பேசிப் பேசி முடிவாகவில்லை. அதனால் மூன்று வரைபடங்களையும் அட்டைகளில் எழுதி எடுத்துக்கொண்டு காத்திருப்பு அறைக்குப் போனோம். முதல் அட்டையில் மேல்பட்டி. அவர் தொட்ட பெயருக்கு ஏற்ப அடுத்த அட்டையை நீட்டுவோம். நிறம், படம் எதுவும் கிடையாது, பெயர்கள் மட்டும். பன்னிரண்டு பேர், ஒரு வரைபடத்துக்கு நான்கு பேர். ஒருவரிடமே மூன்றையும் காட்டக் கூடாது. முதல் வரைபடத்தில் கற்றுக்கொண்ட விடையை அடுத்ததில் சொல்லிவிடுவார்.

கேள்வி கேட்கிற விதத்தில்தான் பலர் கோட்டை விடுவது. 'எலும்பு டாக்டரின் நேரத்தைக் கண்டுபிடியுங்கள்' என்றால் பட்டியில் இருக்கிற சொல்லையே நாம் வாயில் ஊட்டிவிடுகிறோம். 'உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டிக்கொண்டு வரலாமா?' என்று கேட்க வேண்டும். அவர் முதலில் எதைத் தொட்டார், எங்கே நின்று யோசித்தார் என்று குறித்துக்கொண்டால் போதும். நான்கு பேரை வைத்து சதவீதம் போட முடியாது. ஆனால் எல்லாரும் ஒரே இடத்தில் தடுக்கினால் அங்கே கல் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

முழங்கால் கேள்வியில் நேரம் வழி எளிதாக ஜெயித்தது. துறை வழியில் ஒரு பெரியவர் 'பொது மருத்துவம்' அட்டையைத் தொட்டுவிட்டு, "முதல்ல இவரைப் பார்த்தா அவர் சொல்லுவாரு" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

ஆனால் நேரம் வழியும் இரண்டு இடத்தில் தடுக்கியது. 'சேவைகள்' என்ற அட்டையை யாரும் தொடவே இல்லை. அந்தச் சொல் அவர்களுக்கு எதையும் சொல்லவில்லை. 'சிகிச்சை, பரிசோதனை' என்று மாற்றி எழுதி, இன்னும் இரண்டு பேரிடம் காட்டியபோது தயங்காமல் தொட்டார்கள். இரண்டாவது, குழந்தைக்குத் தடுப்பூசி. நாங்கள் அதைப் பரிசோதனைகளோடு வைத்திருந்தோம். எல்லாரும் போனது குழந்தை டாக்டரிடம். பக்கத்தை இடம் மாற்றவில்லை, குழந்தை டாக்டர் பக்கத்திலிருந்து ஒரு இணைப்பு கொடுத்தோம். வீடு ஒன்றுதான், வாசல் மட்டும் இரண்டு.

முடிவில் நின்ற வரைபடம் இது:

```
/            முகப்பு: இன்று இருப்பவர்கள், போன் எண்
/timings     நேரம்: கிழமைவாரி அட்டவணை
/doctors     டாக்டர்கள்: ஆளுக்கு ஒரு பக்கம்
/services    சிகிச்சை, பரிசோதனை
  /services/blood-test
  /services/scan
  /services/physiotherapy
  /services/vaccination
/contact     வரும் வழி, தொடர்பு
```

முகவரியைத் தமிழிலேயே வைக்கலாமே என்று கிளினிக்கில் ஆசைப்பட்டார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் அதை நகலெடுத்து வாட்ஸாப்பில் ஒட்டும்போது பல சமயம் `%E0%AE%A8` என்று உடைந்துபோகும். 'நேரம்' என்ற ஒரு சொல்லே 45 எழுத்தாக நீளும். படிக்கிற பெயர் தமிழில் இருக்கட்டும், முகவரி `/timings` என்றே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ரத்தப் பரிசோதனைக்குத் தனிப் பக்கம் எதற்கு என்றும் கேட்டார்கள். பரிசோதனைக் கூடம் காலை 7 மணிக்கே திறந்துவிடும், டாக்டர்கள் வருவது 9 மணிக்கு. வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கிறவர் ஏழு மணிக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை கொடுக்க வேண்டும். அவருக்கு வேண்டியது கூடத்தின் நேரம். டாக்டரின் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு 9 மணி வரை பட்டினியாக வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

இனி இந்த வரைபடத்தின் பலவீனம். நேரம் இப்போது அட்டவணையிலும் தெரிகிறது, டாக்டர் பக்கத்திலும் தெரிகிறது, முகப்பிலும் தெரிகிறது. கூகுளிலிருந்து நேராக டாக்டர் பக்கத்தில் இறங்குகிறவருக்காக இது தேவைதான். ஆனால் மூன்று இடத்திலும் கையால் எழுதினால் ஒரு மாதத்துக்குள் மூன்றும் மூன்று விதமாகிவிடும். அதனால் ஒரே ஒரு விரிதாள்: டாக்டர், கிழமை, தொடக்கம், முடிவு, விடுப்பு என்று ஐந்து பத்தி. மூன்று பக்கமும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும். விடுப்பு என்று குறித்தால் முகப்பில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் 'இன்று வரமாட்டார்' என்று வந்துவிடும். அதைத் தனியாகச் 'செய்திகள்' பக்கத்தில் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

விரிதாளைத் திருத்துவது அந்த வரவேற்பு அக்காதான், தன் போனிலேயே. அட்டவணைக்கு மேலே கடைசியாகத் திருத்திய நாள் தெரிகிற மாதிரி வைத்திருக்கிறோம். அந்தத் தேதி இரண்டு வாரம் பழையதாக இருந்தால் நான் போன் போட்டு விசாரிப்பேன். கூகுள் மேப்பில் இருக்கிற நேரம் மட்டும் இந்த விரிதாளோடு சேரவில்லை. அதை இன்னமும் தனியாகப் போய்த்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.